அலுவலகம் மூடியிருக்கும்போது போகும் பதில்

2008 அக்டோபரில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள ஸ்வான்சீ நகரத்தின் சாலைப் பலகை ஒன்று உலகம் முழுக்கச் செய்தியானது. அங்கே சாலைப் பலகைகள் ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் இருப்பது வழக்கம். பலகையின் மேல்பாதியில், கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லை, இது குடியிருப்புப் பகுதி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழ்ப்பாதியில் வெல்ஷ் மொழியில் இருந்ததன் பொருள் இது: நான் இப்போது அலுவலகத்தில் இல்லை; மொழிபெயர்க்க வேண்டியது எதுவானாலும் அனுப்புங்கள்.

நடந்தது எளிதில் விளங்கும். நகராட்சி அதிகாரிகள் ஆங்கில வாசகத்தை மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மெயிலில் அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் விடுப்பில் போயிருந்தார். அவர் அமைத்துவிட்டுப் போன தானியங்கிப் பதில் உடனே திரும்பி வந்தது. வந்தது வெல்ஷில் இருந்ததால், கேட்ட மொழிபெயர்ப்பு இதுதான் என்று நினைத்து அதையே பலகையில் எழுதிவிட்டார்கள்.

வெல்ஷ் தெரியாதவர்கள் அவசரப்பட்டதால் வந்த வினை என்றுதான் பலரும் இதைச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பதிலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தை வெல்ஷாக்கித் தரும் பிரிவுக்கு எழுதுகிறவர்களில் பலருக்கு வெல்ஷ் தெரியாது. தெரிந்தால் அவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்? அவர்களுக்குப் போகும் பதில் வெல்ஷில் மட்டும் இருந்தால், அது இயந்திரம் அனுப்பிய பதில் என்பதைக்கூட அவர்களால் அறிய முடியாது. எழுதியவர் தன் நிலையைச் சொன்னார். படிக்கப் போகிறவர் யார், அவர் கையில் என்ன வேலை இருக்கிறது என்பதை நினைக்கவில்லை.

நம் ஊர் அலுவலகங்களின் தானியங்கிப் பதில்கள் பலவற்றிலும் இதே குறை இருக்கிறது. ‘நான் விடுமுறையில் இருக்கிறேன், திரும்பியதும் தொடர்பு கொள்கிறேன்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மெயில் அனுப்பியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று: என் மெயில் வந்து சேர்ந்ததா? எப்போது பார்ப்பீர்கள்? அதுவரை நான் என்ன செய்ய வேண்டும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதுவதுதான் கடினம். அதை ஓர் உதாரணத்தோடு செய்து பார்ப்போம்.

பொங்கலும் 20-ம் தேதியும்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஆடிட்டர், உதவியாளர், கணக்கு எழுத ஒருவர் என மூன்று பேர். வாடிக்கையாளர்கள் ஜவுளிக் கடை, மஞ்சள் மண்டி, சிறு பட்டறை நடத்துகிறவர்கள். ஜனவரி 15 வியாழக்கிழமை பொங்கல். 14 போகி முதல் 18 ஞாயிறு வரை அலுவலகம் மூடியிருக்கும். 19 திங்கள் காலை திறக்கும்.

மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டுகிறவர்கள் டிசம்பர் மாதக் கணக்குக்கான ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னை ஜனவரி 20-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரி இருந்தால் அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அலுவலகம் திறந்த பிறகு கையில் இருப்பது இரண்டே நாள். அந்த ஐந்து விடுமுறை நாட்களில் போகும் தானியங்கிப் பதில், வேலையின் ஒரு பகுதியைத் தானே செய்தாக வேண்டும்.

எழுத உட்காருவதற்கு முன் ஆடிட்டர் செய்ய வேண்டியது, சென்ற மாதம் இதே தேதிகளில் வந்த மெயில்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது. இப்படிப்பட்ட அலுவலகத்துக்கு வருபவை மூன்று வகையில் அடங்கிவிடும். முதல் வகை, ரிட்டர்னுக்கான பில்களும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும். இரண்டாவது, ‘நோட்டீஸ் வந்திருக்கிறது, என்ன செய்வது’ என்ற பதற்றம். மூன்றாவது மற்ற எல்லாம்: கட்டண விவரம், பழைய ரிட்டர்னின் நகல், புதிதாக ஜிஎஸ்டி எடுக்க விசாரிப்பது.

ஒவ்வொரு வகைக்கும் அடுத்து செய்ய வேண்டியது வேறு. பில் அனுப்புகிறவர் மிச்சத்தையும் அனுப்பி முடிக்க வேண்டும். நோட்டீஸ் வந்தவர் அதில் குறித்த நாளைப் பார்க்க வேண்டும். நாள் நெருங்கியிருந்தால் யாரிடமாவது பேச வேண்டும். மற்றவர்கள் சும்மா இருந்தால் போதும். ‘நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்’ என்பதும் ஒரு வழிகாட்டல்தான். அது எழுத்தில் இல்லாவிட்டால் அவர் மறுநாளும் அதையே அனுப்புவார், பிறகு போன் செய்வார்.

இதை மனதில் வைத்து எழுதினால் பதில் இப்படி வரும்:

> தலைப்பு: தானியங்கிப் பதில்: அலுவலகம் ஜனவரி 19 திங்கள் திறக்கும்
>
> வணக்கம். உங்கள் மெயில் வந்து சேர்ந்தது. பொங்கலுக்காக ஜனவரி 14 முதல் 18 வரை அலுவலகம் விடுமுறை. 19-ம் தேதி திங்கள் காலை 10 மணிக்குத் திறப்போம். உங்கள் மெயிலை அன்று பார்ப்போம். மறுபடி அனுப்ப வேண்டாம்.
>
> டிசம்பர் மாத ரிட்டர்னுக்கான பில்கள்: இன்னும் அனுப்பாதவை இருந்தால் ஜனவரி 18 ஞாயிறு மாலை 6 மணிக்குள் இதே முகவரிக்கு அனுப்புங்கள். திங்கள் காலை முதல் வேலையாக அவற்றை எடுத்துக்கொள்வோம். தாக்கலுக்குக் கடைசி நாள் 20.
>
> வரித்துறை நோட்டீஸ்: பதில் தர வேண்டிய நாள் ஜனவரி 20 அல்லது அதற்கு முன் என்றால், அலுவலக எண்ணுக்குக் காலை 10 முதல் 12 மணிக்குள் கூப்பிடுங்கள். எங்கள் உதவியாளர் பேசுவார். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.
>
> மற்றவை: ஜனவரி 21 புதன்கிழமைக்குள் பதில் வரும். அதுவரை நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.

அலுவலக எண் வரும் இடத்தில் எண்ணை முழுதாகப் போட வேண்டும். இதன் கீழே இதே செய்தி ஆங்கிலத்தில் இருக்கட்டும். வங்கி, வரித்துறை, வெளிமாநில வியாபாரிகள் என்று தமிழ் படிக்காதவர்களும் எழுதுவார்கள். இரண்டில் எது மேலே வரலாம் என்பதை, அதிகம் எழுதுகிறவர்கள் யார் என்று பார்த்து முடிவு செய்யலாம். மேலே தமிழ் இருந்தால், ஆங்கிலம் கீழே இருக்கிறது என்று முதல் வரிக்கு மேல் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு போட்டுவிட வேண்டும்.

வரி வரியாக

தலைப்பிலிருந்து தொடங்குவோம். கைபேசியில் மெயில் வந்தால் திரையில் முதலில் தெரிவது தலைப்பும் முதல் சில சொற்களும்தான். பயணத்தில் இருப்பவர் அதற்கு மேல் திறக்காமலே விடலாம். அதனால் ‘தானியங்கிப் பதில்’ என்பதும் திறக்கும் நாளும் தலைப்பிலேயே இருக்கின்றன. ஆடிட்டரே உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார் என்ற எண்ணம் ஒரு நொடி கூட வரக் கூடாது. வந்தால், அந்தப் பதிலுக்கு மறுபதில் எழுதி, அதற்கும் பதில் வரும் என்று காத்திருப்பார்கள்.

அடுத்தது வாழ்த்துச் சொல். ஜிமெயிலின் தானியங்கிப் பதில் அனுப்பியவரின் பெயரைச் சேர்க்காது; எல்லோருக்கும் ஒரே வாசகம்தான் போகும். ‘அன்புள்ள ஐயா’ என்று தொடங்கினால் அது பெண் வாடிக்கையாளருக்கும் போகும். ‘வணக்கம்’ யாருக்கும் பொருந்தும். ‘இனிய பொங்கல் வாழ்த்துகள்!’ என்று தொடங்க ஆசை வரும்தான். ஆனால் வருகிற மெயிலில் என்ன இருக்கும் என்பது பதிலை எழுதும்போது தெரியாது. கடை முதலாளி இறந்துவிட்டார், உரிமத்தை மகன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று எழுதியவருக்கும் அந்த வரிதான் போகும். மகிழ்ச்சியிலும் துக்கத்திலும் ஒருபோல் படிக்கக் கூடிய சொற்களே இங்கே மரியாதையான சொற்கள்.

‘மெயில் வந்து சேர்ந்தது’, ‘மறுபடி அனுப்ப வேண்டாம்’ என்ற இரண்டும் சேர்ந்து, மெயிலின் கதி என்ன என்பதைச் சொல்கின்றன. எல்லா இடத்திலும் இது ஒன்றுபோல் இல்லை. ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம், விடுமுறையில் இருக்கும் ஊழியர்களுக்கு வரும் மெயில்களை அழித்துவிடும் வசதி ஒன்றைக் கொண்டுவந்தது. 2014-ல் அது பெரிதாகப் பேசப்பட்டது. அங்கே போகும் பதில், உங்கள் மெயில் அழிக்கப்படுகிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, அவசரம் என்றால் யாருக்கு எழுதலாம் என்றும் காட்டியது. ஊழியர் திரும்பி வந்த பிறகு மறுபடி அனுப்பவும் சொன்னது. நம் ஈரோட்டு அலுவலகம் சொல்வது இதற்கு நேர் எதிர். இரண்டுமே சரி, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

தேதிகளில் ‘விரைவில்’, ‘அடுத்த வாரம்’ என்பவற்றைத் தவிர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை படிக்கிறவருக்கு அடுத்த வாரம் எது என்ற குழப்பம் வரும். தேதியோடு கிழமையும் இருந்தால் தட்டச்சில் ஒரு எண் தவறினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். இன்னொன்றையும் கவனிக்கலாம்: திறக்கும் நாள் 19, மற்றவர்களுக்குப் பதில் தரும் நாள் 21. ஐந்து நாள் மெயில்களும் 3பி வேலையும் ஒன்றாக வரும் திங்கட்கிழமையில் எல்லோருக்கும் பதில் எழுத முடியாது. முடியாததைச் சொல்லிவிட்டால், திங்கள் மதியமே ‘சார், இன்னும் பதில் வரவில்லையே’ என்ற போன்கள் தொடங்கிவிடும்.

நோட்டீஸ் பத்தியில் ‘அவசரம் என்றால் கூப்பிடுங்கள்’ என்று எழுதவில்லை. தன் வேலை அவசரம் இல்லை என்று நினைக்கிறவர் யாரும் கிடையாது. பதில் தர வேண்டிய நாள் ஜனவரி 20 அல்லது அதற்கு முன் என்று அளவுகோலைக் கொடுத்துவிட்டால், நோட்டீஸைப் பார்த்து அவரே முடிவு செய்துகொள்வார். இரண்டு மணி நேரம் என்று வரையறுத்ததால் உதவியாளருக்கும் பொங்கல் மிஞ்சும். அந்தப் பொறுப்பை அவரிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். கேட்காமல் எண்ணைப் போட்டால், குலதெய்வம் கோயிலில் வரிசையில் நிற்கிறவருக்கு விஷயமே தெரியாத அழைப்பு போகும். மாற்று ஆளாக ஒருவரின் மெயில் முகவரியைக் கொடுத்து, அவரும் விடுப்பில் இருந்து, அவருடைய தானியங்கிப் பதில் வேறொருவரைக் காட்டுவதும் அலுவலகங்களில் நடப்பதுதான்.

எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம் என்பதையும் பாருங்கள். ஆடிட்டர் எந்த ஊருக்குப் போகிறார், குடும்பத்தோடு போகிறாரா, அவருடைய சொந்த எண் என்ன என்பவை எதுவும் இல்லை. யார் எழுதினாலும் இந்தப் பதில் போகும். வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற செய்தியை முன்பின் தெரியாதவருக்கு அனுப்ப வேண்டியதில்லை.

ஜிமெயிலில் அமைப்பது

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள பற்சக்கரக் குறியை அழுத்தி `See all settings` என்பதற்குப் போக வேண்டும். `General` பக்கத்தின் அடிப்பகுதியில் `Vacation responder` இருக்கும். `Vacation responder on` என்பதைத் தேர்ந்து, `First day`, `Last day` தேதிகளைக் கொடுத்து, தலைப்பையும் செய்தியையும் ஒட்டி, `Save Changes` அழுத்தினால் முடிந்தது. இந்தக் கடைசிப் பொத்தான் பக்கத்தின் அடியில் இருப்பதால் அழுத்தாமலே மூடிவிடுவது எளிது. பதில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜிமெயிலின் மேலே ஒரு பட்டை தெரியும். அதை வைத்து உறுதி செய்துகொள்ளலாம்.

ஜிமெயில் முதல் நாளின் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி, கடைசி நாளின் இரவு 11.59-க்கு நிறுத்தும். `First day` 14 என்று போட்டால், 13-ம் தேதி மாலை 6 மணிக்கு ஷட்டரை இறக்கிய பிறகு நள்ளிரவு வரை எழுதுகிறவர்களுக்குப் பதில் போகாது. ரிட்டர்ன் வாரத்தில் இரவு பத்து மணிக்குத்தான் பலர் பில் அனுப்புவார்கள். எனவே கிளம்பும்போது `First day` 13 என்று போட்டுச் சேமிப்பது நல்லது. அந்த நொடியிலிருந்தே வேலை செய்யும். `Last day` கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது. விட்டால் நீங்களே நிறுத்தும்வரை ஓடும். பிப்ரவரியிலும் ‘பொங்கல் விடுமுறை’ என்று போய்க்கொண்டிருக்கும்.

அங்கே `Only send a response to people in my Contacts` என்று ஒரு கட்டமும் இருக்கும். சொந்த மெயிலுக்கு அதைத் தேர்வது நல்லது. தெரிந்தவர்களுக்கு மட்டும் பதில் போகும். அலுவலக மெயிலில் தேர்ந்தால் புதிதாக விசாரிக்கிறவருக்கு எதுவும் போகாது.

ஒருவருக்கு எத்தனை முறை பதில் போகும்? அவர் எத்தனை மெயில் அனுப்பினாலும் ஜிமெயில் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் பதில் தரும். இந்தக் கட்டுப்பாடு பழைய அனுபவத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன் 1983-ல் எழுதிய `vacation` என்ற நிரல், ஒருவருக்குப் பதில் அனுப்பியதும் அவர் முகவரியைக் குறித்து வைத்துக்கொள்ளும். அவருக்கு அடுத்த பதில் ஒரு வாரம் கழித்துத்தான். இப்படி ஒரு வரம்பு இல்லாமல், விடுமுறையில் இருக்கும் இரண்டு பேரின் இயந்திரங்கள் சந்தித்துக்கொண்டால், ஒன்றின் பதிலுக்கு மற்றொன்று பதில் அனுப்பி இரண்டு பெட்டிகளும் நிரம்பிவிடும். தானியங்கிப் பதில் இன்னொரு தானியங்கிப் பதிலுக்குப் பதில் சொல்லக் கூடாது என்பதை 2004-ல் வெளியான ஆர்எஃப்சி 3834 என்ற இணையப் பரிந்துரையும் வலியுறுத்துகிறது.

இந்த நான்கு நாள் கணக்கு, சோதித்துப் பார்க்கிறவர்களைக் குழப்பும். உங்கள் வேறொரு முகவரியிலிருந்து மெயில் அனுப்பிப் பார்ப்பீர்கள்; பதில் வரும். சந்தேகத்துக்கு இன்னொன்று அனுப்பினால் வராது. பழுது என்று நினைக்க வேண்டாம். செய்தியைத் திருத்திச் சேமித்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: விடுமுறை நடுவில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினால், ஏற்கெனவே பதில் பெற்றவர்கள் மறுபடி எழுதும்போது உடனே இன்னொரு பதில் போகும். உதவியாளரின் நேரம் மாறினால் திருத்துங்கள். ஒற்றுப்பிழைக்காகத் திருத்த வேண்டாம்.

எட்டாத இடங்கள்

எவ்வளவு நன்றாக எழுதினாலும் இந்தப் பதில் எட்டாத இடங்கள் இருக்கின்றன. ஸ்பேம் என்று ஜிமெயில் கருதும் மெயிலுக்குப் பதில் போகாது. புதிய வாடிக்கையாளர் பெரிய இணைப்புக் கோப்போடு அனுப்பிய மெயில் தவறி அங்கே போய் விழுந்தால், அவருக்கு மௌனம்தான் கிடைக்கும். திங்கட்கிழமை முதலில் ஸ்பேம் பெட்டியைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எழுதுகிறவருக்கு மட்டுமே பதில் போகும் என்பது. 19-ம் தேதி வரை பில் பற்றிய நினைப்பே இல்லாத கடைக்காரருக்கு 18-ம் தேதி மாலைக் கெடு தெரிய வாய்ப்பில்லை. அவருக்கு விடுமுறைக்கு முன்பே, 9 அல்லது 10-ம் தேதியில், தனியாகச் செய்தி அனுப்பியாக வேண்டும்.

பில்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாடிக்கையாளர்களும் உண்டு. அவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் `Away message` அமைக்கலாம். தேதியும் நேரமும் குறிக்க வசதி இருக்கிறது. ஆனால் அலுவலகக் கைபேசியில் இணையம் இருந்தால்தான் அந்தப் பதில் போகும். கைபேசியை அணைத்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் ஐந்து நாளும் யாருக்கும் பதில் போகாது. ஜிமெயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. உங்கள் கணினி அணைந்திருந்தாலும் பதில் போகும்.

கிளம்புவதற்கு முன் இன்னொரு சோதனையும் உண்டு. எழுதியதை அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ‘நீங்கள் மஞ்சள் மண்டிக்காரர், நேற்று நோட்டீஸ் வந்திருக்கிறது, 27-ம் தேதிக்குள் பதில் தர வேண்டும். இப்போது என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். ‘21-ம் தேதி வரை காத்திருப்பேன்’ என்று அவர் தயங்காமல் சொன்னால் பதில் சரியாக இருக்கிறது. ‘கூப்பிட வேண்டுமோ?’ என்று இழுத்தால், நோட்டீஸ் பத்தியில் ஒரு வரி குறைகிறது: ‘நாள் அதற்குப் பிறகு என்றால் கூப்பிட வேண்டாம், நோட்டீஸின் நகலை இதே முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.’ மேலே நாம் எழுதிய பதிலில் அந்த வரி இல்லை, சேர்த்துக்கொள்ள வேண்டும்.